ஒலிப்பதிவைக் கேட்டு கீபோர்டில் மெட்டு எடுப்பது எப்படி?

மும்பை மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கீபோர்டு கற்றுக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே கேட்பது இதுதான்: "சார், எனக்குக் கேள்வி ஞானம் கிடையாது. பாட்டைக் கேட்டு வாசிக்க வருமா?" கேள்வி ஞானம் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால், ஒரு ஒலி காதில் விழுந்த உடனே அது எந்தக் கட்டை என்று சொல்லிவிடுவது என்பார்கள்.

அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திறமைக்கு பர்ஃபெக்ட் பிட்ச் என்று பெயர். அது அபூர்வமானது, நல்ல பாடகர்களிலும் வாத்தியக்காரர்களிலும் பலருக்குக் கிடையாது. ஒரு ஒலிப்பதிவைக் கேட்டு, ஒவ்வொரு சுரமாக மெட்டை எடுப்பதற்கு அது தேவையும் இல்லை. அதற்குத் தேவையான காது வேறு. அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, விரலோடு இன்னும் இணையவில்லை, அவ்வளவுதான்.

எங்கே ஏறினோம் என்பது தெரிந்தால்

ஹார்பர் லைனில் குர்லாவில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஒருமுறை நின்றால் திலக் நகர், இன்னொரு முறை நின்றால் செம்பூர், அதற்கடுத்தது கோவண்டி. பெயர்ப்பலகையைப் பார்க்காமலே எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுவீர்கள். ஏறின ஸ்டேஷன் தெரிந்திருக்கிறது, நின்ற தடவைகளை எண்ணுகிறீர்கள். வண்டியிலேயே தூங்கி எழுந்தவருக்கு எத்தனை தடவை நின்றது என்று சரியாகச் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை.

பாட்டும் இப்படித்தான். அப்பா கனத்த குரலில் ஒரு பாட்டைப் பாடுகிறார், அதையே ஐந்து வயதுக் குழந்தை கீச்சுக்குரலில் பாடுகிறது. இருவரும் தொடுகிற சுரங்கள் வேறு வேறு உயரத்தில் இருக்கின்றன. ஆனாலும் இரண்டும் ஒரே பாட்டு என்று நமக்கு உடனே தெரிகிறது. நம் காது பிடித்துவைத்திருப்பது சுரங்களுக்கு இடையே உள்ள தூரங்களை. குழந்தை நடுவில் ஒரு சுரத்தைத் தவறாகப் பாடினால் முகம் சுளிக்கிறோமே, அப்போதும் நம் காது அந்தத் தூரத்தைத்தான் அளக்கிறது. இதற்கு ரிலேட்டிவ் பிட்ச் என்று பெயர், அதாவது ஒரு சுரத்தை இன்னொரு சுரத்தோடு ஒப்பிட்டு அறிவது.

ஏறின ஸ்டேஷனுக்குச் சமமானது ஆதார சுருதி. பாட்டு எந்தச் சுரத்தை வீடாக வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் திரும்பி வருகிறதோ அது. அதைத்தான் ச என்கிறோம்.

இதுவரை சொன்னது: மெட்டு எடுப்பது என்றால் முதலில் ச எங்கே என்று கண்டுபிடிப்பது, பிறகு ஒவ்வொரு சுரமும் முந்தையதிலிருந்து எவ்வளவு தூரம் ஏறியது அல்லது இறங்கியது என்று அளப்பது.

கீபோர்டில் தூரத்தை எப்படி எண்ணுவது

கீபோர்டில் வெள்ளை, கறுப்பு என்று பார்க்காமல் அடுத்தடுத்த கட்டைக்குப் போவது மிகச் சிறிய தூரம். அதை இங்கே அரைப்படி என்று சொல்கிறேன். பன்னிரண்டு அரைப்படி ஏறினால் அதே சுரம் இரட்டிப்பு அதிர்வெண்ணில் வரும். அந்த இடைவெளி ஒரு ஸ்தாயி.

இங்கே ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் "அவர் ஐந்து கட்டையில் பாடுவார்" என்கிறோம். அந்தக் கட்டை சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு: வெள்ளைக்கு முழு எண், அதை ஒட்டி வலதுபக்கம் இருக்கும் கறுப்புக்கு அரை கூடும். விரலால் அழுத்துகிற பலகைக்கும் கட்டை என்றே பெயர். மும்பையில் மூன்றாவதாக ஒன்றும் சேர்கிறது: இங்கே ஹார்மோனியம் வாசிப்பவர்கள் "சஃபேத் ஏக்", "காலி பாஞ்ச்" என்று வெள்ளையைத் தனியாகவும் கறுப்பைத் தனியாகவும் எண்ணுவார்கள். சஃபேத் ஏக்கும் நம்முடைய ஒரு கட்டையும் ஒன்றே. ஆனால் காலி பாஞ்ச் என்பது ஐந்தாவது கறுப்புக் கட்டை, நம் கணக்கில் ஆறரை. அதை ஐந்தரை என்று எடுத்துக்கொண்டு பஜனையில் சுருதிப்பெட்டி வைத்தவர்கள் உண்டு. ஐந்தரைக்கு இங்கே "காலி சார்" என்பார்கள், அதாவது நான்காவது கறுப்பு.

ச-வை ஒரு கட்டையில் வைத்துக்கொண்டால், அதாவது இரண்டிரண்டாக இருக்கும் கறுப்புக் கட்டைகளுக்கு இடதுபக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளையில் வைத்துக்கொண்டால், அங்கிருந்து ரி இரண்டு அரைப்படி, ம ஐந்து, ப ஏழு. க இரண்டு இடத்தில் வரும். மூன்று அரைப்படியில் உள்ளது சாதாரண காந்தாரம், அது கறுப்புக் கட்டை. நான்கில் உள்ளது அந்தர காந்தாரம், அது வெள்ளை. வசதிக்காக சின்ன க, பெரிய க என்கிறேன். ரி, ம, த, நி ஆகியவற்றுக்கும் இப்படி வேறு வேறு இடங்கள் உண்டு, இன்றைக்கு அவை வேண்டாம்.

ச-வைப் பிடிப்பது

பலர் பாட்டின் முதல் சுரம்தான் ச என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாட்டு எங்கிருந்தும் தொடங்கலாம். பார்க்க வேண்டியது அது எங்கே இளைப்பாறுகிறது என்பதை. ஒரு அடி முடிந்து, "அப்பாடா" என்று குரல் உட்காரும் இடம் பெரும்பாலும் ச. அந்த இடத்தில் ஒலிப்பதிவை நிறுத்துங்கள். அந்தச் சுரத்தை வாயை மூடி "ம்ம்ம்" என்று நீட்டி முனகுங்கள். முனகிக்கொண்டே கீபோர்டில் ஏதாவது ஒரு கட்டையை அழுத்துங்கள். அது உங்கள் முனகலுக்கு மேலா கீழா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மேல் என்றால் இடதுபக்கம் நகருங்கள், கீழ் என்றால் வலதுபக்கம். சரியான கட்டையைத் தொட்டதும் கீபோர்டின் ஒலி உங்கள் குரலுக்குள் மறைந்துவிட்டதுபோல இருக்கும். ஒரு அரைப்படி தள்ளியிருந்தால் இரண்டு ஒலியும் உரசும், காதுக்குள் மணல் விழுந்ததுபோல.

இங்கே இரண்டு தவறு நடக்கும். முதலாவது, ஒரு ஸ்தாயி மாறிப்போவது. ஆண் குரலைக் கேட்டுப் பெண் முனகினால் இயல்பாகவே ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். இதனால் பெரிய நஷ்டம் இல்லை, மெட்டு அதேதான்.

இரண்டாவது தவறுதான் தொல்லை. ச என்று நினைத்து ப-வைப் பிடித்துவிடுவார்கள். இதற்குக் காரணம் காதின் குறைபாடு இல்லை. ஒரு குரல் ச பாடும்போது அந்த அதிர்வெண் மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் கூடவே மெலிதாக ஒலிக்கின்றன. அந்த மூன்று மடங்கு ஒலி வந்து விழுவது அடுத்த ஸ்தாயியின் ப-வில். ஆக ச-வுக்குள் ஏற்கெனவே ஒரு ப ஒளிந்திருக்கிறது. அதனால்தான் ப-வை அழுத்தினாலும் உரசாமல் இணக்கமாகக் கேட்கிறது. சரிபார்க்க ஒரு வழி: பிடித்த கட்டையை இடது கையால் அழுத்தியபடி வைத்துக்கொண்டு, ஒரு முழு அடியையும் ஓடவிடுங்கள். ச என்றால் அடி முடியும் இடத்தில் குரல் வந்து அந்த ஒலியோடு ஒன்றாகிவிடும். ப என்றால் உரசல் இருக்காது, ஆனால் முடிவில் குரல் வேறோர் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

நடுவில் ஏன் முனக வேண்டும்

முனகச் சொன்னால் பலருக்குக் கூச்சம். "நேரே கட்டையில் தேடினால் ஆகாதா?" என்று கேட்பார்கள். ஆகாது, அதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. 1970-இல் டயானா டாய்ச் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு சுரத்தைக் கேட்கவைத்து, சில விநாடிகள் இடைவெளி விட்டு இன்னொன்றைக் கேட்கவைத்து, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டார். இடைவெளியில் யாராவது எண்களைச் சொன்னால் கேட்டவர்கள் அதிகம் தடுமாறவில்லை. இடைவெளியில் வேறு சுரங்கள் ஒலித்தபோது நிறையத் தவறு செய்தார்கள், அந்தச் சுரங்களைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தும்கூட.

கட்டை கட்டையாகத் தட்டித் தேடும்போது நாம் செய்வது இதைத்தான். தேடும் சுரத்தின் நினைவை, தட்டுகிற ஒவ்வொரு தவறான சுரமும் அழித்துக்கொண்டே போகிறது. நாலாவது கட்டையைத் தட்டும்போது எதைத் தேடுகிறோம் என்பதே நமக்கு நினைவில் இருக்காது. முனகல் என்பது அந்தச் சுரத்தைக் குரலில் கட்டிப்போட்டு வைப்பது. அதனால் என் வகுப்பில் வரிசை இது: மூன்று நான்கு விநாடி கேட்பது, நிறுத்துவது, கேட்டதைப் பாடுவது, கடைசியாகத்தான் கட்டை. பாட வராதவர்கள் என்று யாரையும் விலக்கியதில்லை. இனிமையாக இருக்க வேண்டியதில்லை, உயரம் சரியாக இருந்தால் போதும்.

சுருக்கமாக: ச என்பது பாட்டு இளைப்பாறும் இடம். அதை முனகிக்கொண்டே தேடுங்கள். ப-வாக இருக்குமோ என்று ஒருமுறை சரிபாருங்கள்.

ஆச்சியின் தாலாட்டு

இனி ஒரு மெட்டை முழுசாக எடுத்துப் பார்ப்போம். செம்பூரிலிருந்து ஒரு அம்மா வருகிறார், வங்கி வேலை, நாற்பது வயதுக்கு மேல். திருநெல்வேலிப் பக்கம் இருந்த அவருடைய ஆச்சி, கொள்ளுப்பேத்தியைத் தூங்கவைக்கப் பாடியதை யாரோ போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் மின்விசிறிச் சத்தம். "சார், இதை நான் வாசிக்கணும். இந்த மெட்டு எங்கேயும் எழுதி இல்லை" என்றார்.

முதல் அடி "ஆராரோ ஆரிரரோ". அதில் வருவது ஏழே சுரம். அவர் வழக்கம்போல முதல் "ஆ"வை ச என்று எடுத்துக்கொண்டார். கடைசி "ரோ"வில் ஆச்சி உட்காருவதைக் கேளுங்கள் என்றேன். இரண்டு முறை கேட்டதும் அவருக்கே புரிந்தது. அந்த "ரோ"வை முனகித் தேடினார். ஐந்து கட்டையை அழுத்தினால் ஆச்சியின் குரல் கொஞ்சம் மேலே இருந்தது. அடுத்த ஐந்தரையை அழுத்தினால் கொஞ்சம் கீழே இருந்தது. "எனக்குத்தான் கேட்கத் தெரியலை" என்றார். அவர் கேட்டது மிகச் சரி. ஆச்சி சுருதிப்பெட்டி இல்லாமல் பாடுகிறார். அவர் குரல் நம் கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்பதற்கு எல்லா உரிமையும் உண்டு. பழைய கேசட்டிலிருந்து ஏற்றப்பட்ட சினிமாப் பாட்டுகளிலும், டேப் ஓடிய வேகத்தைப் பொறுத்து இதே மாதிரி நடக்கும்.

ஒரு சுரம் ஒரு கட்டைக்கு மேல், அடுத்த கட்டைக்குக் கீழ் என்று இரண்டும் உறுதியாகத் தெரிந்தால், பிரச்சினை காதில் இல்லை. பெரும்பாலான கீபோர்டுகளில் ட்யூனிங் என்று ஒரு அமைப்பு இருக்கும், வழக்கமாக 440-இல் நிற்கும். அதை ஏற்றினால் எல்லாக் கட்டைகளும் சேர்ந்து மயிரிழை மயிரிழையாக உயரும். நாங்கள் 448 வரை ஏற்றினோம். அது ஒரு அரைப்படியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஐந்து கட்டை அழகாக ஆச்சியின் குரலுக்குள் மறைந்தது.

அப்புறம் ட்ரான்ஸ்போஸ் பட்டனை −5-இல் வைத்தோம். ச-வுக்கு வைத்த ஒரு கட்டையை அழுத்தினால் அதற்கு ஐந்து அரைப்படி கீழே உள்ள ஐந்து கட்டை ஒலிக்கும், அதாவது ச இப்போது பழகிய இடத்துக்கு வந்துவிட்டது. ட்ரான்ஸ்போஸ் பயன்படுத்துவது குறுக்கு வழி என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தொடங்குகிறவர் கற்க வேண்டியது தூரங்களை. ச ஒரே இடத்தில் இருந்தால் தூரம் விரலில் சீக்கிரம் பதியும். மற்ற கட்டைகளிலிருந்து வாசிப்பதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.

சரி, இனி முதல் சுரம். "ஆ" என்பதைப் பாடி, அங்கிருந்து ச வரை மெல்ல இறங்கிப் பார்த்தார். ப, ம, க, ரி, ச என்று இறங்கியதும் வீடு வந்துவிட்டது. ஆக "ஆ" என்பது ப. அடுத்த "ரா" அதிலிருந்து இரண்டு அரைப்படி இறக்கம், அது ம. அதற்கடுத்த "ரோ"வில் அவர் கை தானாக வெள்ளைக் கட்டைக்குப் போனது, அதாவது பெரிய க. அழுத்தியதும் முகம் மாறியது. "தூங்குற பிள்ளை எழுந்துடும் போல இருக்கே" என்றார். சுரம் பிரகாசமாக இருந்தது, ஆச்சியுடையது அதைவிடத் தணிந்திருந்தது. ஒரு அரைப்படி இறங்கி கறுப்புக் கட்டையை அழுத்தினார். சின்ன க. உரசல் போய்விட்டது.

இந்த மாதிரி நேரத்தில் ஒரே சுரத்தை நம்பாமல் அடுத்த சுரத்தை வைத்துச் சரிபார்ப்பது நல்லது. "ரோ"விலிருந்து அடுத்த "ஆ"வுக்கு ஆச்சி இறங்குவது மிகச் சின்ன இறக்கம், பக்கத்துக் கட்டைக்குப் போகிற அளவுதான். சின்ன க-விலிருந்து ரி ஒரு அரைப்படி, பெரிய க-விலிருந்து இரண்டு. இறக்கம் ஒன்றே என்று காது சொல்வதால் சின்ன க உறுதியாகிறது. வெள்ளைக் கட்டைகளே போதும் என்ற நினைப்பு ஆரம்பத்தில் எல்லோருக்கும் இருக்கும். நம் பாட்டுகளில் பாதி அங்கேயே தப்பிப்போகிறது.

மீதி வேகமாக வந்தது. "ஆ" ரி, "ரி" சின்ன க, "ர" மறுபடி ரி, "ரோ" ச. ஆக முழு அடி: ப ம க – ரி க ரி ச. இதற்கு நாற்பது நிமிடம் ஆனது. முதல் மெட்டுக்கு அது நியாயமான நேரம்.

குரல் வழுக்கும் இடம்

ஏழு சுரத்தையும் வரிசையாக வாசித்ததும் அவர் சொன்னார், "சரியாத்தான் இருக்கு, ஆனா ஆச்சி மாதிரி இல்லை." காரணம், ப-விலிருந்து ம-வுக்கு ஆச்சி தாவவில்லை, வழுக்கி வருகிறார். அந்த வழுக்கலில் இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் உள்ள எல்லா உயரங்களையும் குரல் தொட்டுக்கொண்டு போகிறது. கீபோர்டில் அந்த உயரங்களுக்குக் கட்டை இல்லை. இப்படிச் சுரத்தை அசைப்பதற்கும் வழுக்குவதற்கும் பொதுப்பெயர் கமகம்.

தொடங்குகிறவர்கள் இங்கே செய்யும் தவறு, வழுக்கலில் காதில் படுகிற ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கட்டையைத் தேடுவது. நடுவில் உள்ள கறுப்புக் கட்டையையும் சேர்த்து அழுத்தினால் மெட்டு தட்டுத்தடுமாறிக் கேட்கும். குரல் எங்கே புறப்பட்டது, எங்கே போய் நின்றது என்ற இரண்டை மட்டும் எடுங்கள். அது தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். யூடியூபிலும் விஎல்சியிலும் வேகத்தை 0.75 ஆக்கினால் சுருதி மாறாது. கேசட் காலத்தில் இது முடியாது, டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டினால் பாட்டு ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். 0.5-க்குக் கீழே போவதை நான் விரும்புவதில்லை. குரல் கலங்கி, நிற்கும் இடமும் வழுக்கும் இடமும் ஒன்றாகத் தெரியும்.

நினைவில் வைக்க: கட்டைகளில் கிடைப்பது குரல் நிற்கும் இடங்கள். நிற்கும் இடங்களுக்கு நடுவே உள்ள வழுக்கலைக் கட்டைகளால் நிரப்ப வேண்டாம்.

மூன்றாம் சுற்றில் நடந்தது

ஆச்சி அந்த மெட்டையே நான்கு சுற்று பாடுகிறார், வரிகள் மட்டும் மாறுகின்றன. அடுத்த வாரம் அந்த அம்மா ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிக்க முயன்றார். முதல் சுற்று பொருந்தியது. இரண்டாவதில் லேசான உரசல். மூன்றாவதில் எல்லாச் சுரமும் உரச ஆரம்பித்து, வாசிப்பதை நிறுத்திவிட்டார். போன வாரம் எடுத்ததே தப்போ என்று அவருக்குச் சந்தேகம்.

ஒரு சுரம் மட்டும் உரசினால் அந்தச் சுரம் தப்பு. எல்லாமே ஒரே அளவில் உரசினால், ச நகர்ந்துவிட்டது என்று பொருள். துணைக்கு வாத்தியம் இல்லாமல் பாடும்போது சுருதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதும் இறங்குவதும் சாதாரணமாக நடப்பது. மூன்றாம் சுற்றின் கடைசி "ரோ"வில் நிறுத்தி, முனகித் தேடச் சொன்னேன். ஆச்சி ஏறக்குறைய ஒரு அரைப்படி ஏறியிருந்தார். ஆனால் ப-வுக்கும் ம-வுக்கும் நடுவே அதே இரண்டு, க-வுக்கும் ரி-க்கும் நடுவே அதே ஒன்று. ஒரு தூரமும் மாறவில்லை.

ட்ரான்ஸ்போஸை −4-க்கு மாற்றிவிட்டு, மூன்றாம் சுற்றின் தொடக்கத்துக்கு ஒலிப்பதிவை இழுத்து வைத்தோம். அதே ஏழு கட்டைகளை அதே வரிசையில் அழுத்தினார், இந்தத் தடவை ஆச்சியோடு கடைசி "ரோ" வரைக்கும் போனார்.